400 பெட்டி மா: பங்குக் கொன்டெயினரா, முழுக் கொன்டெயினரா?

*ஐயா, வணக்கம். உப்புவெளியில் சிறிய மா ஆலை வைத்திருக்கிறோம். வறுத்த சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் ஒரு கிலோ பைகளில் அடைத்து விற்கிறோம். லண்டனில் ஒரு மொத்தக் கடைக்காரர் 400 பெட்டி கேட்டிருக்கிறார், பெட்டிக்கு 12 பை. கொழும்பு ஏஜன்ட் ஒருவர், எல்.சி.எல். என்று பங்குக் கொன்டெயினரில் போட்டால் கப்பல் கூலி ஒன்றுமே இல்லை என்கிறார். இன்னொருவர் 20 அடிக் கொன்டெயினரை முழுதாக எடுங்கள் என்கிறார். திருகோணமலைத் துறைமுகம் கண்முன்னே இருக்க எல்லாவற்றையும் கொழும்புக்கு ஏன் கொண்டுபோக வேண்டும் என்பதும் புரியவில்லை. எந்த வழி எங்களுக்குச் சரி?*

முதலில் துறைமுகம். திருகோணமலையில் ஆழத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே வருபவை மொத்தச் சரக்குக் கப்பல்கள்: சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை, சீமெந்து ஆலைக்கு மூலப்பொருள், எண்ணெய்த் தாங்கிகளுக்கு எரிபொருள். கொன்டெயினர் கப்பல் ஒழுங்கான அட்டவணையில் வருவதற்கு ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்க நூற்றுக்கணக்கான கொன்டெயினர் இருக்க வேண்டும். அது கொழும்பில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் மா கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 270 கிலோமீற்றர் லொறியில் போகத்தான் வேண்டும். இரண்டு வழிக்கும் இது பொது. லொறி கொழும்பில் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம் தொடங்குகிறது.

எல்.சி.எல். என்றால் உங்கள் சரக்கு கொன்சொலிடேட்டரின் களஞ்சியத்துக்குப் போகும். லண்டனுக்குப் போகும் வேறு பத்துப் பேரின் சரக்கோடு சேர்த்து அவர் ஒரு கொன்டெயினரை நிரப்புவார். எப்.சி.எல். என்றால் கொன்டெயினர் முழுவதும் உங்கள் பேரில். பாதி வெறுமையாகப் போனாலும் முழு வாடகை உங்களுடையது.

இனி அந்த "கப்பல் கூலி ஒன்றுமே இல்லை" கதை. ஏஜன்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். எல்.சி.எல். தொழிலில் கொழும்புப் பக்கத்துக் கூலியைக் குறைத்து, சில வேளை பூச்சியத்துக்கே இறக்கி, அந்தப் பணத்தை இறங்கும் ஊரில் எடுப்பது வழக்கம். அங்கே கொன்டெயினரைத் திறந்து பிரிக்கும் கூலி, களஞ்சியக் கூலி, டெலிவரி ஓடர் கட்டணம் என்று பில் போகும். அது உங்களுக்கு வராது, கடைக்காரருக்குப் போகும். அவர் வேறு ஏஜன்டிடம் விலை கேட்கவும் முடியாது. சரக்கு அவர்கள் களஞ்சியத்தில் கிடக்கிறது, கேட்ட பணத்தைக் கொடுத்தால்தான் வெளியே வரும். முதல் ஓடரிலேயே உறவு கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே ஏஜன்டிடம் ஒரு கனமீற்றருக்குக் கொழும்பில் எவ்வளவு, கடலில் எவ்வளவு, லண்டனில் எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். லண்டன் பக்கத்தை எழுதித் தர மறுப்பவரை விட்டுவிடலாம்.

கணக்கைச் செய்து பார்ப்போம். உங்கள் பெட்டி 40 × 30 × 25 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்கிறேன். அது 0.03 கனமீற்றர். 400 பெட்டி 12 கனமீற்றர், மொத்த எடை 5,200 கிலோ அளவில் வரும். எல்.சி.எல்-லில் கன அளவு, தொன் எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். உங்களுக்கு 12-ம் 5.2-ம் என்பதால் கன அளவுதான் பேசும்.

ஆனால் 12-க்குப் பில் வராது. தனிப் பெட்டிகளாக அனுப்பினால் வழியில் நசுங்கும் என்பதால் பெலட் என்ற பலகைத் தட்டில் அடுக்க வேண்டும். பெலட் ஏறினால் அளப்பது பெலட்டின் வெளி அளவு, அடிப்பலகையும் சேர்த்து. 120 × 100 பெலட்டில் உங்கள் பெட்டி ஓர் அடுக்குக்குச் சரியாகப் பத்து உட்காரும். ஐந்து அடுக்கு என்றால் பலகையோடு உயரம் 140 சென்ரிமீற்றர், கன அளவு 1.68. உள்ளே இருப்பது 50 பெட்டி, அதாவது 1.5. எட்டு பெலட்டுக்கு 13.44 கனமீற்றர். 12 சதவீதம் கூடிவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. மாப் பை நிறைந்த பெட்டி மேலே உப்பும். 25 சென்ரிமீற்றர் என்று நீங்கள் எழுதிய பெட்டி 27 ஆக நின்றால் ஐந்து அடுக்கில் பத்து சென்ரிமீற்றர். பெலட் 1.8 ஆகி, மொத்தம் 14.4-க்குப் போய்விடும். களஞ்சியத்தில் அவர்கள் தங்கள் நாடாவால் அளப்பார்கள், உங்கள் பொதிப் பட்டியலைப் பார்த்து அல்ல. பைகளைப் படுக்கையாக வைத்து, பெட்டியை மூடுமுன் கையால் தட்டிச் சமப்படுத்துவது உங்கள் ஆலையில் ஒரு நாள் வேலை. அதைச் செய்யுங்கள்.

கட்டணங்கள் மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ளவை கணக்கின் நடையைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் விலைப்புள்ளிகளை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். எல்.சி.எல்-லில் கனமீற்றருக்குக் கொழும்பில் 15 டொலர், கடலில் 15, லண்டனில் 90 என்று வைப்போம். மொத்தம் 120. அளவோடு மாறாதவை: லொறி 180, கொழும்பு ஆவணங்கள் 60, லண்டன் ஆவணங்கள் 150, கடை வரை கொண்டுபோக 250. இவை 640. பெலட் போட்ட 13.44 கனமீற்றருக்கு 1,613-ம் 640-ம் சேர்த்து 2,253 டொலர். பெட்டிக்கு 5.63.

எப்.சி.எல்-லில் கடல் கூலி 1,200, கொழும்புத் துறைமுகக் கட்டணமும் ஆவணமும் 250, கொழும்புக் களஞ்சியத்தில் ஏற்றக் கூலி 100, லொறி 180, லண்டன் துறைமுகமும் ஆவணமும் 350, கொன்டெயினரைக் கடை வரை இழுக்க 500. மொத்தம் 2,580. பெட்டிக்கு 6.45.

இந்த எண்களில் எல்.சி.எல். 327 டொலர் மலிவு. இரண்டும் சமமாகும் இடம் பில்லில் 16 கனமீற்றர், அதாவது பெலட்டில் அடுக்கிய ஏறத்தாழ 480 பெட்டி. நீங்கள் 400-ல் நிற்கிறீர்கள். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். கடல் கூலி ஏறும் காலத்தில் அந்தக் கோடு மேலே போகும், இறங்கும் காலத்தில் கீழே வரும். எல்.சி.எல்-லில் கடல் கூலி சிறிய பங்கு என்பதால் அந்தச் செலவு அவ்வளவாக ஆடாது.

327 டொலர் என்பது உங்கள் பெட்டியின் விற்பனை விலை 20 டொலர் என்றால் 17 பெட்டி. 400-ல் 17 பெட்டி வழியில் கெட்டால் அந்த மலிவு போய்விட்டது. மாச் சரக்கில் அது நடக்கக்கூடிய காரியமா என்று பார்ப்போம்.

எல்.சி.எல். வழியில் உங்கள் பெலட்டை எத்தனை தடவை போர்க்லிப்ட் தொடுகிறது என்று எண்ணுங்கள். லொறியிலிருந்து இறக்க ஒன்று, அளந்து ஒதுக்கி வைக்க ஒன்று, கொன்டெயினரில் ஏற்ற ஒன்று, லண்டனில் இறக்க ஒன்று, அங்கே லொறியில் ஏற்ற ஒன்று. ஐந்து தடவை. நேரடிக் கொன்டெயினர் இல்லாமல் சிங்கப்பூரிலோ துபாயிலோ திறந்து வேறு கொன்டெயினருக்கு மாற்றினால் ஏழு எட்டு ஆகும். எப்.சி.எல்-லில் கொழும்பில் இறக்கி ஏற்றுவது, கடையில் இறக்குவது, முடிந்தது. இடையில் சீல் உடையாது, சுங்கம் திறந்தால் ஒழிய.

தொடும் தடவை கூடினால் பெட்டி நசுங்குவது எல்லோருக்கும் தெரியும். மாவுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து மணம். மா மணத்தை இழுக்கும். மெல்லிய பொலித்தீன் பை அதைத் தடுக்காது, மட்டைப் பெட்டி தடுக்கவே தடுக்காது. பக்கத்துப் பெலட்டில் கறுவாவோ, கருவாடோ, இறப்பர் பொருளோ, சவர்க்காரமோ இருந்து, கொன்டெயினர் மூன்று நான்கு வாரம் மூடியபடி வெயிலில் சூடேறினால், பெட்டி பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும், மாவில் இடியப்பம் அவித்தால்தான் தெரியும். இதற்கு நட்டஈடு வாங்குவது மிகக் கடினம். நசுங்கிய பெட்டியைப் படம் எடுக்கலாம், மணத்தை எப்படி எடுப்பது? கொன்சொலிடேட்டரிடம் பதிவுப் படிவத்தில் "உணவுப் பொருள், மணமுள்ள சரக்கோடும் இரசாயனத்தோடும் சேர்க்க வேண்டாம்" என்று எழுதச் சொல்லலாம். எழுதுவார். ஆனால் அந்த வாரம் என்ன சரக்கு வருகிறதோ அதைத்தான் அவர் ஏற்ற முடியும்.

முழுக் கொன்டெயினரில் இது உங்கள் கையில் இருக்கிறது. வெறுங் கொன்டெயினர் வந்ததும் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திச் சில நிமிடம் நிற்க வேண்டும். எங்காவது ஒளிப்பொட்டு தெரிந்தால் அங்கே மழை வரும். மூக்கில் ஏதாவது மணம் ஏறினால் முன்பு போன சரக்கு இன்னும் பலகைத் தரையில் இருக்கிறது. தரை ஈரமாக, கருமையாக இருந்தாலும் வேண்டாம். திருப்பி அனுப்பி வேறு கேளுங்கள், இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சரியானது கிடைத்தால் சுவரிலும் தரையிலும் தடித்த பழுப்புத் தாள் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைப் பக்கச் சுவர் வளையங்களில் தொங்கவிடுங்கள். சூடான கொழும்பில் மூடிய காற்று குளிர்ந்த கடலுக்குப் போகும்போது கூரையில் நீர் பனித்துச் சொட்டும். நம் பக்கத்து மாவை அதிகம் கெடுப்பது கடல்நீர் அல்ல, இந்தக் கூரைநீர்தான். மேல் அடுக்குப் பெட்டிகளின் முகட்டில் மட்டும் வட்ட வட்டமாகக் கறை இருந்தால் காரணம் இதுவே. வறுத்த மாவை நன்றாக ஆறவிடாமல் பையில் அடைத்திருந்தால் பையின் உட்பக்கத்திலேயே ஈரம் கோர்க்கும். அதைக் கொன்டெயினர் மீது போடக் கூடாது.

கொன்டெயினரை உப்புவெளிக்கே வரவழைத்து ஆலை வாசலில் ஏற்றலாமே என்று தோன்றும். கைபடுவது இன்னும் குறையும், உண்மை. ஆனால் வெறுங் கொன்டெயினர் வரவும் நிறைந்தது போகவும் சேர்த்து 540 கிலோமீற்றர் ட்ரெயிலர் கூலி உங்கள் தலையில். ட்ரெயிலர் தளம் நெஞ்சளவு உயரத்தில் நிற்கும், உங்களிடம் ஏற்றுமேடை இல்லை என்றால் 400 பெட்டியும் தோளில் ஏற வேண்டும். அதோடு புதிய ஏற்றுமதியாளரின் சரக்கைச் சுங்கம் பார்க்க விரும்பினால் கொழும்பில் அதே கொன்டெயினர் திறக்கப்படும். இந்த அளவுக்குக் கொழும்புக் களஞ்சியத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்க ஏற்றுவதே மேல்.

நேரத்தைப் பொறுத்தவரை கப்பல் இரண்டுக்கும் ஒன்றே. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. அதனால் ஐரோப்பியப் பயணம் பத்து நாள் அளவில் நீண்டது. உங்கள் கப்பல் எந்த வழி என்பதை முன்பதிவின்போதே கேளுங்கள். எல்.சி.எல். நாட்களை இழப்பது கரையில். கொன்சொலிடேட்டர் கப்பலுக்கு நான்கைந்து நாள் முன்பே களஞ்சியக் கதவைச் சாத்துவார். உங்கள் லொறி குருநாகலில் பழுதாகி ஒரு நாள் பிந்தினால் அடுத்த வாரக் கொன்டெயினர்தான். லண்டனில் இறங்கிப் பிரிக்க நான்கு முதல் ஏழு நாள். அதே கொன்டெயினரில் யாரோ ஒருவரின் சரக்கைச் சுங்கம் நிறுத்தினால் உங்கள் மாவும் கூடவே நிற்கும், ஆவணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். மொத்தத்தில் ஒன்றரை வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், இடையில் மாற்றும் கொன்டெயினர் என்றால் மூன்று வாரம். மாவுக்குக் காலாவதித் திகதி இருப்பதால் கடைக்காரர் அலுமாரியில் வைக்கக் கிடைக்கும் மாதங்களில் இருந்துதான் அது போகிறது.

இவ்வளவும் பார்த்தபின் என் கருத்து: அந்நியரோடு கொன்டெயினரைப் பங்கிடுவதைவிடத் தெரிந்தவரோடு பங்கிடுங்கள். தம்பலகாமத்திலோ மூதூரிலோ இதே கடைக்காரருக்கு அரிசியோ புழுக்கொடியலோ அனுப்ப விரும்புகிறவர் இருந்தால், அவரது 200 பெட்டியும் உங்கள் 400-ம் சேர்ந்து 600 பெட்டி, 18 கனமீற்றர். இருபது அடிக் கொன்டெயினரில் தாராளமாகப் போகும், அதில் நடைமுறையில் 26 முதல் 28 வரை அடுக்கலாம். லொறிக்கு 70 டொலர் கூடுதலாகப் போட்டாலும் மொத்தம் 2,650, பெட்டிக்கு 4.42. நீங்கள் எல்.சி.எல்-லில் கொடுக்கவிருந்ததைவிட 1.21 குறைவு. அவர் தனியே எல்.சி.எல்-லில் போனால் அளவோடு மாறாத செலவுகள் 200 பெட்டியின் மேல் விழுந்து பெட்டிக்கு 7 டொலர் வந்திருக்கும், ஆகவே அவருக்கு உங்களைவிட இலாபம். பங்கு பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: பத்து பெலட்டுக்கு மேல் தரையில் வைக்க இடமில்லை, 140 சென்ரிமீற்றர் பெலட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றக் கூரை உயரம் போதாது. 600 பெட்டி பெலட்டில் பன்னிரண்டு வரும். ஆகவே பத்தைப் பெலட்டிலும் மீதி நூறு பெட்டியைப் பெலட்டுகளின் மேல் தனிப் பெட்டிகளாகவும் அடுக்குங்கள், அல்லது எல்லாவற்றையும் பெலட் இல்லாமல் தனிப் பெட்டிகளாகவே அடுக்குங்கள். கொன்டெயினர் உங்களுடையது, இடையில் யாரும் பிரிக்கப் போவதில்லை என்பதால் தனிப் பெட்டிகளாக அடுக்குவது இங்கே பாதுகாப்பானதுதான். கடைக்காரர் இறக்க ஆள் வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

இந்த ஏற்பாடு வாங்குபவர் ஒருவரே என்றால்தான் எளிது. வாங்குபவர் இருவர் என்றால் லண்டனில் யாரோ பிரிக்க வேண்டும், எல்.சி.எல். செலவு பின்கதவால் வந்துவிடும். வாங்குபவர் ஒருவரானாலும் இன்வொய்ஸ், பொதிப் பட்டியல், சுங்கப் பிரகடனம் மூன்றும் ஆளுக்கு ஒன்று தனித்தனியே இருக்கட்டும். இரண்டு பேரின் சரக்கை ஒருவர் பேரில் போட்டுவிட்டுப் பிறகு பணத்தைப் பிரிக்கப் போனால், வங்கியிடம் காட்ட மற்றவர் கையில் ஒரு தாளும் இருக்காது. சரக்கை ஏற்றியதற்கான ரசீதான பில் ஒப் லேடிங்கை இருவருக்கும் தனித்தனியே தரச் சரக்கு ஏஜன்டால் முடியும். குறித்த நாளில் ஒருவரின் பெட்டி வராவிட்டால் வெறுமையாகப் போகும் இடத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதை மட்டும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். இந்தப் பங்காளித்தனங்கள் உடைவது அந்த இடத்தில்தான்.

கூட்டாளி கிடைக்கவில்லை, கடைக்காரர் காத்திருக்க மாட்டார் என்றால் எல்.சி.எல்-லிலேயே அனுப்புங்கள், ஆனால் நேரடிக் கொன்டெயினர் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. மரப் பெலட்டில் சூடுபடுத்தியதற்கான கோதுமைக் கதிர்ச் சின்னம் பொறித்திருக்க வேண்டும், அது இல்லாத மரத்தை பிரித்தானியா ஏற்காது. பில் ஒப் லேடிங்கில் "8 பெலட்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "8 பெலட், 400 பெட்டி" என்று எழுதச் சொல்லுங்கள். சுற்றிய பெலட்டிலிருந்து ஆறு பெட்டி காணாமல் போனால், எண்ணிக்கை தாளில் இருந்தால்தான் பேச்சுக்கே இடம். களஞ்சியத்தில் தரும் ரசீதில் "பெட்டி கிழிந்தது" என்று குறிப்பு இருந்தால் அங்கேயே பெட்டியை மாற்றிவிட்டு ரசீதைத் திருத்துங்கள், கொழும்பிலிருந்து திரும்பிய பிறகு அது நடக்காது. லொறியோடு பத்து வெறும் பெட்டியும் ஒட்டுநாடாவும் அனுப்பினால் போதும்.

விலை பேசும்போது கடைக்காரர் எப்.ஓ.பி. கேட்பார், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். எல்.சி.எல்-லுக்கு அது உங்களுக்குப் பாதகம். எப்.ஓ.பி-யில் சரக்கு கப்பலில் ஏறும் வரை ஆபத்து உங்களுடையது, ஆனால் களஞ்சியத்தில் ஒப்படைத்த நிமிடத்திலிருந்து அது உங்கள் கண்ணில் படாது. எப்.சி.ஏ. கொழும்பு என்று பேசி, ஒப்படைக்கும் களஞ்சியத்தின் பெயரையும் எழுதினால் அந்தக் கதவோடு உங்கள் ஆபத்து முடியும். கொழும்புக் களஞ்சியத்திலேயே ஏற்றும் முழுக் கொன்டெயினருக்கும் இதே பொருந்தும். காப்புறுதியை நீங்கள் எடுப்பதாக இருந்தால் கடல் சரக்குக் காப்புறுதியின் ஏ பிரிவைக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் சி பிரிவு கப்பல் தீப்பிடித்தல், மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்குத்தான். நசுங்கியதற்கும் திருட்டுக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது.

கடைக்காரருக்கு இன்றே எழுதிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 400-க்குப் பதில் 480 பெட்டி எடுப்பாரா, அல்லது அவருக்குத் திருகோணமலையிலிருந்து வேறு சரக்கும் தேவையா. அவர் பதிலைப் பார்த்தபின் இரண்டு ஏஜன்டிடமும் லண்டன் பக்கக் கட்டணத்தோடு சேர்த்து எழுத்தில் விலை வாங்கி, மேலே உள்ள என் எண்களை அடித்துவிட்டு அவர்கள் எண்களைப் போடுங்கள்.